ஷட்டர் இறங்கிய பிறகு முக்கால் மணி நேரம்

தி.நகர் உஸ்மான் சாலையில் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு ஜவுளிக்கடையின் ஷட்டர் பாதி இறங்கினால், தெருவில் போகிறவர்கள் கடை மூடியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே வேலை முடிந்திருக்காது. அன்று முழுக்க வாடிக்கையாளர்களுக்காகப் பிரித்துப் போட்ட புடவைகள் கவுன்ட்டரில் மலையாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் மடித்து, விலைச்சீட்டு வெளியே தெரியும்படி வைத்து, ரகம் பார்த்து அடுக்க வேண்டும். அடுத்து ஸ்டாக் எண்ண வேண்டும். கணக்கில் இரண்டு புடவை குறைந்தால் அந்த செக்‌ஷனில் நிற்கும் எல்லோரும் தேட வேண்டும். அதெல்லாம் முடிந்தபின் பின்வாசலில் வரிசையாக நின்று கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வந்தால் மணி பத்தேகால். தீபாவளி, ஆடித் தள்ளுபடி நாட்களில் பதினொன்றையும் தாண்டும்.

வேலை முடிந்து நேரம் கழித்துக் கிளம்பும் பெண்களின் பயணப் பாதுகாப்பு என்றதும் ஐ.டி. நிறுவனங்களையும் அவற்றின் கேப் வண்டிகளையும்தான் பேசுகிறோம். கேப்பே இல்லாமல் இரவு பத்து மணிக்குத் தெருவில் இறங்குகிறவர்களில் கடைகளில் நின்று விற்கும் பெண்கள் பெரும் கூட்டம். கடையே தரும் விடுதியில் தங்கும் வெளியூர்ப் பெண்களுக்கு, விடுதி அருகில் இருந்தால் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. ஆவடி, திருவள்ளூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று வாடகை குறைவான இடங்களில் குடியிருந்து தினமும் வந்து போகிறவர்களுக்குத்தான் ஒவ்வோர் இரவும் சிக்கல். அவர்களுடைய இரவு எங்கே இடறுகிறது, அதை முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்பதை இங்கே பார்ப்போம்.

ஒரு கணக்கு

கூடுவாஞ்சேரியில் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் குடியிருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பதரைக்குக் கடையில் வருகைப் பதிவு. இரவு ஒன்பதரைக்கு ஷட்டர். அவர் ஒன்பதே முக்காலுக்குள் வெளியே வந்துவிட்டால் மாம்பலம் நிலையத்துக்கு நடந்து போய், பத்து மணி வாக்கில் வரும் செங்கல்பட்டு வண்டியைப் பிடிக்கலாம். பெண்கள் பெட்டியில் நாலு பேராவது இருப்பார்கள். பதினொன்றுக்கு முன்பு கூடுவாஞ்சேரி. அப்போது நிலையத்து வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்றிரண்டு கிடைக்கும். கூட்டத்தோடு கூட்டமாக ஏறி வீட்டு முனையில் இறங்கிக்கொள்ளலாம்.

அவரே பத்தேகாலுக்கு வெளியே வந்தால் நடப்பது வேறு. நேரம் ஆக ஆக ரயில்களின் இடைவெளி கூடும். வருகிற வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டிக்காக நடைமேடையில் காத்திருக்க வேண்டும். ஊர் போய்ச் சேரும்போது மணி பதினொன்றரையைத் தாண்டியிருக்கும். ஷேர் ஆட்டோ ஓட்டம் ஓய்ந்திருக்கும். தனி ஆட்டோ கேட்டதுதான் கூலி. அன்றைய சம்பளத்தில் நல்ல பங்கை அதற்குக் கொடுக்க மனம் வராமல் பலர் நடந்துவிடுகிறார்கள். தெருவிளக்கு இல்லாத காலி மனைகள், சாத்திய கடைகள், நாய்கள், வண்டியை மெதுவாக்கிக்கொண்டே கூட வருகிற யாரோ ஒருவன். பயம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டு கிலோமீட்டரைத்தான்.

கடையில் அரை மணி நேரம் தாமதம். வீடு சேர்வதில் அது ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரமாகப் பெருகிவிடுகிறது. கூடவே கூட்டமாகப் போகிற பயணம் தனியாளின் பயணமாகிவிடுகிறது. இதைச் சரிசெய்ய எல்லோரும் முதலில் நினைப்பது வேன். ஆனால் பாதிப் பேருக்கு வேனே தேவைப்படாது. ஷட்டருக்குப் பின்னால் இருக்கும் அந்த முக்கால் மணி நேரத்தை மறுநாள் காலைக்குத் தள்ளினால் போதும். முதலாளியிடம் பேசப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இது.

சட்டம் யார் பக்கம்?

1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கடை ஊழியர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். நம் விஷயத்துக்கு முக்கியமானது இன்னொரு வரம்பு. ஓய்வு நேரத்தையும் சேர்த்து, காலையில் உள்ளே நுழைவதிலிருந்து இரவு வெளியே வருவது வரை மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

மேலே போட்ட கணக்கை இதோடு பொருத்திப் பாருங்கள். காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை சரியாக 12 மணி நேரம். ஷட்டர் இறங்கிய நொடியிலேயே வரம்பு முடிந்துவிட்டது. புடவை மடிப்பது, ஸ்டாக் எண்ணுவது, பை சோதனைக்கு வரிசையில் நிற்பது எல்லாம் வரம்புக்கு வெளியே நடக்கிறவை. ரயிலைத் தவறவிடவைக்கும் நேரமும் சட்டம் அனுமதிக்காத நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன.

இரண்டாவது, ஓர் அரசாணை. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் கடைகளும் நிறுவனங்களும் ஆண்டின் எல்லா நாளும், 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019 மே மாதம் தமிழக அரசு ஆணையிட்டது. மூன்று ஆண்டுகளுக்கென்று தந்த அந்த அனுமதி 2022-லும் 2025-லும் மும்மூன்று ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. இரவு எவ்வளவு நேரமானாலும் கடை திறந்திருக்கலாம் என்ற பாதி எல்லா முதலாளிகளுக்கும் தெரியும். அதனோடு வந்த நிபந்தனைகள் என்ற மறுபாதி ஊழியர்களை எட்டுவதில்லை.

அந்த நிபந்தனைகளில் பயணத்தைத் தொடுபவை இவை. சாதாரணச் சூழ்நிலையில் பெண் ஊழியர்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அவர்களுடைய எழுத்துபூர்வமான சம்மதம் பெற்றால், போதிய பாதுகாப்புடன் இரவு 8-லிருந்து காலை 6 வரை வேலை தரலாம். ஷிப்டில் வேலை செய்யும் பெண்களுக்குப் போக்குவரத்து ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாடு இருக்கிறது என்ற அறிவிப்பைக் கடையின் பிரதான வாசலில் எழுதி வைக்க வேண்டும். ஓவர்டைமையும் சேர்த்து ஒரு நாளின் வேலை நேரம் பத்தரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வாசலில் அறிவிப்பு இருக்கிறதா என்பதை யார் வேண்டுமானாலும், ஒரு கேள்வியும் கேட்காமல், பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இருந்தால் அந்த வேன் எங்கே என்று கேட்கலாம். இல்லாவிட்டால் நிபந்தனை மீறப்பட்டிருக்கிறது என்பதற்கு அந்த வெற்றுச் சுவரே சாட்சி. அதேபோல, வேலைக்குச் சேரும்போது நீட்டிய தாள்களில் இரவுப் பணிக்கான சம்மதக் கடிதமும் ஒன்றாக இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்ப்பது நல்லது. படித்துப் பார்க்காமல் போட்ட கையெழுத்தாக அது இருக்கலாம். சம்மதம் கொடுத்திருந்தாலும் பாதுகாப்புக்கான பொறுப்பு முதலாளியை விட்டுப் போய்விடாது. சம்மதமும் பாதுகாப்பும் சேர்ந்துதான் நிபந்தனை.

‘வாசலைத் தாண்டினால் எங்கள் பொறுப்பில்லை’

பேச்சை எடுத்ததும் வரும் முதல் பதில் இதுவாகத்தான் இருக்கும். ஓரளவுக்கு இதில் உண்மை உண்டு. தெருவில் நடக்கும் ஒவ்வொரு குற்றத்துக்கும் கடைக்காரரைப் பொறுப்பாளியாக்க முடியாது. ஆனால் பதில் அவர்கள் சொல்கிற அளவுக்கு முழு உண்மையும் அல்ல.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், வேலைக்காக முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடமாகவே கணக்கில் எடுக்கிறது. வேனில் ஓட்டுநரோ சக ஊழியரோ தவறாக நடந்தால், அது கடைக்குள் நடந்ததற்குச் சமம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் இருக்க வேண்டிய உள்ளகக் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். குழுவே இல்லை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம்.

விபத்து என்றால் இ.எஸ்.ஐ. வருகிறது. வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தையும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், பணியில் நேர்ந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ளும் திருத்தம் 2010-இல் வந்தது. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்தால் நாம் அதில் இருக்கிறோமா என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சில கடைகளில் ஒன்பதரைக்கே எல்லோரையும் விரல்ரேகை வைக்கச் சொல்லிவிட்டு, அதன்பின் மடிக்கிற வேலையை வாங்குவார்கள். பதிவேட்டில் 12 மணி நேரத்துக்குள் கணக்கு அழகாக முடிந்திருக்கும். பத்தே முக்காலுக்கு மாம்பலத்தில் ஒருவர் ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டால், ‘ஒன்பதரைக்கே கிளம்பியவர் ஒன்றேகால் மணி நேரம் எங்கே இருந்தார்?’ என்ற கேள்வி வரும். வேலைக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கும் பாரம் அந்தக் குடும்பத்தின் தலையில் விழும். ஆகவே உண்மையில் வெளியே வந்த நேரத்துக்கு ஒரு தடயம் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வாசலைத் தாண்டியதும் வீட்டுக்கு ‘கிளம்பிட்டேன்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால், நேரம் அதில் தானாகப் பதிந்துவிடும். ரயில் டிக்கெட்டிலும் நேரம் இருக்கும்.

வேன் வந்துவிட்டால் போதுமா?

2005 டிசம்பரில் பெங்களூரில் ஒரு கால்சென்டர் ஊழியர் இரவுப் பணிக்காக நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியில் ஏறினார். வழக்கமாக வர வேண்டிய ஓட்டுநருக்குப் பதிலாக வந்தவன் அவரைக் கொலை செய்தான். வண்டி இருந்தது, நிறுவனத்தின் ஒப்பந்தம் இருந்தது, ஓட்டுபவர் யார் என்பதை மட்டும் யாரும் சரிபார்க்கவில்லை. இரவுப் பணிக்கான பாதுகாப்பு நிபந்தனையை மீறியதாக அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி மீது கர்நாடகக் கடைகள் சட்டத்தின் கீழ் வழக்கு வந்தது. அதை ஆரம்பத்திலேயே ரத்து செய்ய உச்ச நீதிமன்றம் 2008-இல் மறுத்துவிட்டது.

2014 பிப்ரவரியில் சென்னையை அடுத்த சிறுசேரியில் நடந்தது வேறு வகை. இரவு வேலை முடித்து அலுவலகத்திலிருந்து நடந்து கிளம்பிய இளம் பொறியாளர் ஒருவர் வழியிலேயே கொல்லப்பட்டார். சில நாட்கள் கழித்துத்தான் உடல் புதருக்குள் கிடைத்தது. பெரிய நிறுவனங்கள் நிறைந்த வளாகத்துக்கும் பிரதான சாலைக்கும் நடுவில் இருந்த இருட்டான துண்டுதான் அங்கே எமனானது.

இந்த இரண்டிலிருந்தும் கேட்க வேண்டியவை எவை என்பது தெரிகிறது. வேன் என்றால் ஓட்டுநரின் பெயர், செல்பேசி எண், வண்டி எண் மூன்றும் ஏறுவதற்கு முன்பே ஊழியர் கையில் இருக்க வேண்டும். ஆள் மாறினால் கடையிலிருந்து தகவல் வர வேண்டும், ஓட்டுநரின் வாய்மொழியை நம்பி ஏறக் கூடாது. கடைசியாக இறங்குபவர் தனியாக ஒரு பெண்ணாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தாக வேண்டுமென்றால் கூட ஒரு காவலாளி வர வேண்டும். இறக்கிவிட்டதும் வண்டியை எடுக்காமல், அவர் வீட்டுக்குள் போகும்வரை நிற்க வேண்டும். எல்லோரும் வீடு சேர்ந்தார்களா என்று அன்றிரவே கேட்டுக் குறிக்கும் பொறுப்பு கடையில் ஒருவருக்கு இருக்க வேண்டும். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஒரு நோட்டும் ஒரு போனும் போதும்.

கேட்பது எப்படி?

“ராத்திரி போறதுக்குப் பயமா இருக்கு சார்” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “சென்னையில என்னம்மா பயம்? ரோடு முழுக்க ஜனம்” என்பார் ஃப்ளோர் மேனேஜர். அவர் பார்க்கிற ரோடு உஸ்மான் சாலை. பயப்படுகிற ரோடு கூடுவாஞ்சேரியில் இருக்கிறது. பயம் என்ற சொல்லைப் பேச்சுக்கு ஆரம்பமாக வைக்காமல் நேரத்தை வைத்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வாரக் குறிப்பு தேவை. சின்ன நோட்டில் தேதி, ஷட்டர் இறங்கிய நேரம், வெளியே விட்ட நேரம், ஏறிய வண்டி, வீடு சேர்ந்த நேரம் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதினால் போதும். ஒருவர் மட்டும் எழுதுவதைவிட ஒரே திசையில் போகும் மூன்று நான்கு பேர் எழுதினால் பலம். ‘இவள் எப்பவும் இப்படித்தான்’ என்று ஒருவர் மீது முத்திரை குத்த முடியாது. குறிப்பை அடுக்கிப் பார்த்தால் எதைக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும். சிலருக்கு அரை மணி நேரம் முன்னதாக விடுவது போதும். சிலருக்கு மாம்பலம் வரை யாராவது கூட வந்தால் போதும். பஸ்ஸோ ரயிலோ இல்லாத ஊர்க்காரர்களுக்கு மட்டும் வேன் தேவைப்படலாம். எல்லோருக்கும் எல்லாம் என்று கேட்டால் மறுப்பது சுலபம். இன்னாருக்கு இது என்று கேட்டால் மறுப்பவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

பேச நல்ல நேரம் காலையில், கூட்டம் வருவதற்கு முன்பு. இரவு கணக்கு முடிக்கிற அவசரத்தில் பேசினால் எந்த மேனேஜருக்கும் கோபம்தான் வரும். மூத்தவர் ஒருவர் முன்னால் நிற்பது வழக்கம். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகலாம்.

“சார், ஒரு அஞ்சு நிமிஷம். நாங்க நாலு பேர் செங்கல்பட்டு லைன். பத்து மணி வண்டிய விட்டா வீட்டுக்குப் போக பன்னெண்டு ஆகுது. ரெண்டு வாரமா எழுதி வெச்சிருக்கோம், பாருங்க.”

“எல்லாரும் இப்படியே கேட்டா சாமான யாரும்மா அடுக்குறது?”

“அதுக்கும் வழி யோசிச்சுட்டோம் சார். ராத்திரி விரிச்சத மட்டும் துணி போட்டு மூடிடறோம். காலைல அரை மணி நேரம் முன்னாடி வந்து மடிச்சு ஸ்டாக்கும் எண்ணிக் குடுத்துடறோம்.”

“காலைல கணக்கு இடிச்சா?”

“செக்‌ஷனப் பூட்டி சாவிய உங்ககிட்டயே குடுத்துட்டுப் போறோம் சார். இல்ல, பக்கத்துலயே இருக்கறவங்க ரெண்டு பேர் நின்னு எண்ணட்டும், முறை வெச்சு மாத்திக்கறோம்.”

மேனேஜரின் கவலை ஊழியரின் பாதுகாப்பைப் பற்றியதாக இருக்காது. காணாமல் போகும் புடவைக்கு மேலிடத்தில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கவலைக்கு விடையோடு போகிறவர்களுக்குத்தான் காரியம் நடக்கும். காலையில் முன்னதாக வருவதானால் அந்த அரை மணி நேரம் வேலை நேரக் கணக்கில் சேர வேண்டும் என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரவில் விட்ட நேரத்தைக் காலையில் இனாமாகக் கொடுத்ததாகிவிடும்.

‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு ஒரு வாரம் போனால் எழுத்தில் கொடுக்க வேண்டும். நீளக் கடிதம் வேண்டாம். இவ்வளவு போதும்:

“மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். நாங்கள் கீழே கையெழுத்திட்ட நான்கு ஊழியர்கள். கடந்த இரண்டு வாரங்களில் கடை மூடிய பிறகு எங்களை வெளியே விட்ட நேரமும், நாங்கள் வீடு சேர்ந்த நேரமும் இத்துடன் இணைத்துள்ளோம். இரவு 9.40-க்குள் எங்களை விடும்படியும், அதற்கு மேல் வேலை இருக்கும் நாட்களில் வீடு வரை வாகன வசதி செய்து தரும்படியும் கேட்டுக்கொள்கிறோம். இரவு 8 மணிக்கு மேல் பெண் ஊழியர்கள் பணி செய்வது குறித்த அரசாணையின் நிபந்தனைகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.”

தேதி போட்டு, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பலாம். கடிதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால், ‘எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை’ என்று நிர்வாகம் கை கழுவ முடியாதபடி செய்வதுதான் அதன் முதல் பயன்.

அதற்கும் அசையாவிட்டால்

அடுத்த படி தொழிலாளர் துறை. கடைகள் சட்டத்தை அமல்படுத்துகிறவர்கள் அந்தத் துறையின் ஆய்வாளர்கள். சென்னையில் துறையின் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. மாவட்டங்களில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகங்கள் இருக்கின்றன. புகாரில் எழுத வேண்டியவை கடையின் பெயர், முகவரி, எத்தனை மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்கிறார்கள், வாசலில் அறிவிப்பு இருக்கிறதா, விரல்ரேகை எப்போது வைக்கச் சொல்கிறார்கள் என்பவை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்து பார்த்தால் நிலைமை தெரியும் என்பதையும் எழுதுங்கள். ஆய்வாளர் பகல் இரண்டு மணிக்கு வந்தால் அவர் கண்ணில் படுவது ஒழுங்கான பதிவேடு மட்டுமே.

வேலை போய்விடுமோ என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது என்றும், நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம் என்றும் கடைகள் சட்டம் சொல்கிறது. ஆனால் ஆறு மாதம் வேலை செய்தோம் என்பதைக் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும். நியமனக் கடிதமே தராத கடைகளில் வங்கிக் கணக்கில் ஏறிய சம்பளம், அடையாள அட்டை, இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண் ஆகியவைதான் சாட்சி. சம்பளத்தைக் கையில் ரொக்கமாக வாங்குகிறவர் முதலில் அதை வங்கி வழியாக மாற்றிக்கொள்வது நல்லது. இந்த அரசாணையின்படி சம்பளம் ஊழியரின் வங்கிக் கணக்கிலேயே ஏற வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் கடைகளுக்கு இந்த அரசாணை பொருந்தாது. அங்கே 12 மணி நேர வரம்பு ஒன்றுதான் பிடிமானம். அதோடு, சின்னக் கடையில் முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார் என்பதால் நேரில் பேசித் தீர்ப்பது பெரிய கடையைவிடச் சுலபமாகவும் இருக்கலாம்.

இந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை ஒவ்வோர் இரவும் வீடு சேர்ந்தாக வேண்டும். 112-ஐயும், பெண்களுக்கான காவல்துறை எண் 1091-ஐயும், 181-ஐயும் செல்பேசியில் பதிந்து வைத்திருங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் அழைத்தால் ரோந்து வாகனத்தில் பாதுகாப்பாகக் கொண்டுபோய் விடுவோம் என்று 2023-இல் தமிழகக் காவல்துறை அறிவித்தது. வண்டி கிடைக்காத இரவில் தயங்காமல் கூப்பிடுங்கள். ஆனால் தினமும் கூப்பிட முடியாது. கடையின் வேலை நேரத்தால் வரும் சிக்கலைக் காவல்துறையின் ஜீப் தினமும் தீர்த்துவைக்காது. அதைத் தீர்க்க வேண்டியவர் கடை முதலாளி.

அவருக்கு அது நஷ்டமும் இல்லை. பழகிய விற்பனைப் பெண் ஒருவர் பயத்தினால் வேலையை விட்டால், புதிதாக வருபவருக்கு ரகமும் விலையும் பிடிபடவே மாதக்கணக்கில் ஆகும். மடிக்கிற வேலையைக் காலைக்கு மாற்றுவதற்கு ஆகும் செலவு அதனோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

கடைக்குப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இரவு ஒன்பதேகாலுக்கு உள்ளே நுழைந்து, இருபது புடவையைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ‘நாளைக்கு வர்றோம்’ என்று எழுந்து போகிறவர்கள் நாம்தான். அந்த இருபது புடவையையும் மடித்துவிட்டுத்தான் எதிரே நின்ற பெண் ரயிலுக்கு ஓட வேண்டும். பண்டிகைத் துணி எடுக்க ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். போகும்போது, பெண் ஊழியர்களுக்கான வாகன வசதி அறிவிப்பு வாசலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கல்லாவில் இருப்பவரிடம் ஏன் இல்லை என்று கேளுங்கள். ஊழியர் கேட்டால் வேலைக்கு ஆபத்து வரலாம். வாடிக்கையாளர் கேட்டால் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.